தோற்ற கேப்டன் போடும் மார்க்கில் அம்பயர் தேறுவாரா?

பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாடு முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

நம் ஊரில் என்னிடம் படித்த பையன் ஒருவன். பேர் வேண்டாம். பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை, ஞாயிறானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லீக் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பான். ஐந்து வருஷமாக நிற்கிறான். போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். "சார், இனிமே போகமாட்டேன் சார். கோட்டு, தொப்பி எல்லாம் தம்பிக்குக் குடுத்துட்டேன்" என்றான். என்னப்பா ஆச்சு என்று கேட்டதற்கு ஒரே வரியில் சொன்னான்: "பத்துக்கு மூணு போட்டுட்டாங்க சார்."

போட்டது யார்? அந்த ஆட்டத்தில் தோற்ற அணியின் கேப்டன்.

எந்த லீக், எந்த அணி என்று கேட்டு கமெண்ட் போடாதீர்கள், சொல்லமாட்டேன். இது ஒரு லீக்கின் கதையும் இல்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல் பள்ளி ஆட்டங்களுக்கும் ஊர் ஆட்டங்களுக்கும் அம்பயராக நின்றவன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் ஆளுக்கொரு தாளில் அம்பயருக்கு மார்க் போட்டுக் கொடுப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். பெரிய கிரிக்கெட்டிலும் கேப்டன் ரிப்போர்ட் உண்டு. ஆனால் அங்கே மேட்ச் ரெஃப்ரி இருக்கிறார், வீடியோ இருக்கிறது. கேப்டன் எழுதியதை ஒப்பிட்டுப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. கீழ்மட்டத்தில் அந்தத் தாள் மட்டும்தான். வருஷக் கடைசியில் அதைக் கூட்டி வகுத்து, சராசரி 7 வந்தால்தான் பேர் மேலே போகும் என்பது இந்தப் பையன் நிற்கும் லீக்கின் கணக்கு. மாநிலப் பேனல் தேர்வுக்கு அவன் பேர் போக வேண்டுமானால் இந்த வாசலைத் தாண்ட வேண்டும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது இன்னிங்ஸ். இடதுகை ஸ்பின்னர் ஓவர் த விக்கெட் வந்து வலதுகை ஆட்டக்காரருக்குப் போடுகிறார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி விழுந்து, நன்றாகத் திரும்பி, முன்காலின் பேடில் பட்டது. விட்டிருந்தால் நடு ஸ்டம்பைத் தட்டியிருக்கும். பதினோரு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். பையன் தலையை ஆட்டினான். நாட் அவுட்.

சரியான தீர்ப்பு. எம்சிசியின் விதிப் புத்தகத்தில் 42 விதிகள், எல்பிடபிள்யூ 36வது. பந்து லெக் ஸ்டம்பின் கோட்டுக்கு வெளியே தரையில் விழுந்தால், அதன்பிறகு அது எங்கே போகும், எத்தனை ஸ்டம்பைச் சாய்க்கும் என்ற கேள்வியே கிடையாது. ஆட்டம் பார்க்கிற பலருக்கு இது தெரியாது. ஆடுகிறவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. "ஸ்டம்புல அடிக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். தப்பித்த ஆட்டக்காரர் கடைசிவரை நின்று ஜெயிக்கவைத்துவிட்டார். ஃபீல்டிங் அணியின் கேப்டன் தாளில் 3 போட்டு, கீழே "எல்பி தெரியவில்லை" என்று எழுதினார். ஜெயித்த கேப்டன் 9 போட்டார். சராசரி 6.

கணக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் இதோடு விட முடியவில்லை. அன்றைக்கு அவன் பயந்துபோய் விரலைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். அது தப்பான தீர்ப்பு. ஃபீல்டிங் கேப்டன் ஜெயித்திருப்பார், 9 போட்டிருப்பார். அவுட் ஆன அணியின் கேப்டன் 3 போட்டிருப்பார். சராசரி அப்போதும் 6. சரியாகச் செய்தாலும் 6, தப்பாகச் செய்தாலும் 6. அப்படியானால் அந்த 6 எதை அளக்கிறது? அளவுகோலில் ஒரு பக்கம் ஜெயித்தவரின் சந்தோஷம், இன்னொரு பக்கம் தோற்றவரின் வயிற்றெரிச்சல். அம்பயர் அந்த அளவுகோலில் எங்குமே இல்லை.

இதைவிட மோசமான விளைவு ஒன்று இருக்கிறது. இந்த மார்க்கை உயர்த்த ஒரு வழி உண்டு. விவரமான அம்பயர்கள் இரண்டே சீசனில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விரலைத் தூக்காமலே இருப்பதுதான் அது. எல்பி கேட்டு மறுக்கப்பட்ட பந்துவீச்சாளர் இரண்டு நிமிஷம் முணுமுணுப்பார், அடுத்த ஓவரில் மறந்துவிடுவார். எல்பி கொடுக்கப்பட்ட ஆட்டக்காரர் பெவிலியனில் உட்கார்ந்து ஆட்டம் முடிகிறவரை அதையே பேசிக்கொண்டிருப்பார். அவரே கேப்டனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே கொடுக்காத அம்பயருக்குச் சராசரி மெல்ல மெல்ல ஏறும். பத்து வருஷம் எல்பியே கொடுக்காமல் "சீனியர் அம்பயர்" ஆனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்தான் பிறகு புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். அந்த மைதானத்தில் ஆடி வளர்கிற பையன், பந்து வந்தால் காலை நீட்டிப் பேடால் தடுக்கப் பழகுகிறான். பெரிய ஆட்டத்துக்குப் போன முதல் நாளே அவுட். கோச்சைத் திட்டுவார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்த காலத்தில் எங்களை எப்படி மதிப்பிட்டார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாடம் நடத்தும்போது விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். எத்தனை கேள்வி கேட்டேன், எந்தப் பையனைக் கவனிக்காமல் விட்டேன், கரும்பலகையை மறைத்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேன் என்று எல்லாவற்றையும் குறித்துவைப்பார். மணி அடித்ததும் தனியே கூப்பிட்டுச் சொல்வார். அழுகை வரும். ஆனால் அடுத்த பாடத்தில் கரும்பலகையை மறைக்கமாட்டோம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, "இந்த வாத்தியாருக்கு மார்க் போடுங்கடா, அதை வைத்துத்தான் அவருக்கு வேலை" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிற வாத்தியார் எல்லாம் தலைமையாசிரியர் ஆகியிருப்பார்கள்.

நம் ஊரில் பீங்கான் சாமானைத் தரம் பிரிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சூளையிலிருந்து வந்த கோப்பையை எடுத்து விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல். கண்ணுக்குக் கீறல் தெரியாது, சத்தம் சொல்லிவிடும். தட்டிப் பார்க்காமல், கோப்பையை வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்து யாரும் தரம் பிரிப்பதில்லை.

தேர்வு இருக்கிறதே சார் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

2022ஆம் வருஷம் இந்திய கிரிக்கெட் வாரியம் அகமதாபாத்தில் லெவல் 2 அம்பயர் தேர்வு நடத்தியது. பெண்கள், ஜூனியர் ஆட்டங்களுக்கு நிற்கத் தகுதி தரும் தேர்வு. எழுதியவர்கள் 140 பேர். தேறியவர்கள் 3 பேர். மொத்தம் 200 மார்க்: எழுத்துத் தேர்வு 100, நேர்முகம் 35, வீடியோ 35, செய்முறை 30. தேற 90 எடுத்தால் போதும். செய்முறையில் பெரும்பாலானவர்கள் நன்றாகச் செய்துவிட்டு எழுத்துத் தேர்வில் விழுந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அந்தக் கேள்விகளைப் பத்திரிகையில் போட்டு ஊரே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கேள்விகள் அருமையானவை. ஒன்றைப் பாருங்கள். பெவிலியன் நிழலோ மரத்தின் நிழலோ ஃபீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது, ஆட்டக்காரர் புகார் சொல்கிறார், என்ன செய்வீர்கள்? பெவிலியன், மரம் என்றால் கண்டுகொள்ள வேண்டாம். ஃபீல்டர் என்றால் அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அசைந்தால் டெட் பால். இதை மனப்பாடம் செய்தவனால் எழுத முடியாது. யோசிக்கத் தெரிந்தவன் எழுதிவிடுவான். மரத்தின் நிழல் இரண்டு அணிக்கும் ஒன்றுதான், அதை யாரும் திட்டம் போட்டு ஆட்டவும் முடியாது. ஃபீல்டரின் நிழலை ஃபீல்டர் நினைத்தால் ஆட்டலாம். ஆட்டக்காரரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்ற ஒரே கருத்துதான் அங்கே வேலை செய்கிறது. இன்னொரு கேள்வி: பந்துவீசுகிற கையின் ஆள்காட்டி விரலில் உண்மையான காயம், டேப்பை எடுத்தால் ரத்தம் வரும், எடுக்கச் சொல்வீர்களா? பந்துவீச வேண்டுமானால் எடுக்கத்தான் வேண்டும். இரக்கம் வேறு, விதி வேறு என்று தெரிந்தவரா என்று பார்க்கிற கேள்வி அது.

நான் கேட்பது வேறு. அந்த 137 பேரும் முந்தின நாள் வெள்ளைச் சட்டை வாங்கியவர்கள் இல்லை. தத்தம் மாநிலத்தில் வருஷக்கணக்காக நின்று, படியேறி, அகமதாபாத் வரை போனவர்கள். ஒரு பள்ளியில் 140 பேர் எழுதி 3 பேர் தேறினால் மாவட்டக் கல்வி அலுவலர் மறுநாள் பிள்ளைகளையா கூப்பிடுவார்? வாத்தியாரைக் கூப்பிடுவார். இந்த 137 பேரின் வாத்தியார் யார்? கீழே மைதானத்தில் அவர்கள் நின்ற அத்தனை ஆட்டங்களிலும் "ஏன் அப்படிச் சொன்னாய், என்ன யோசித்தாய்" என்று கேட்ட ஒரு ஆள் உண்டா? இருந்திருந்தால் நிழல் கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானாகவே வந்து போயிருக்கும். சாயங்கால வெயிலில் மிட் ஆன் ஃபீல்டரின் நிழல் பிட்ச்சுக்கு வராத மைதானம் எது?

அந்தத் தேர்வுக்குள்ளே நுழைவதே சிலருக்கு எவ்வளவு பாடாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன் அம்பயராக ஆசைப்பட்டபோது மாநிலச் சங்கத்தில் பெண்களை அதற்கு எடுக்கும் வழக்கமே இல்லை. விடாமல் கேட்டார். விதி மாறியது. 2018இல் வாரியத்தின் லெவல் 2 தேர்வில் தேறினார். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கினார். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக அம்பயராக நின்ற மூன்று பெண்களில் அவரும் ஒருவர். தேர்வு என்று ஒன்று இருந்ததால்தான் அவரால் ஏற முடிந்தது. கேப்டன் தாளை மட்டும் நம்பியிருந்தால் முதல் சீசனிலேயே 3 போட்டு அனுப்பியிருப்பார்கள். ஆகையால் தேர்வு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? பணம் இல்லை சார், இது என்ன ஐபிஎல்லா என்று நிர்வாகிகள் சொல்வார்கள். பணம் கேட்கவில்லை. ஒரு நாற்காலியும் ஒரு நாற்பது பக்க நோட்டும் கேட்கிறேன்.

பழைய அம்பயர் ஒருவர், அன்றைக்கு வேலை இல்லாதவர், சைட் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். இடம் முக்கியம். நம் பையன் விஷயத்தில் ஒருவர் செல்போன் வீடியோ கொண்டுவந்தார். மிட் விக்கெட் எல்லைக் கோட்டிலிருந்து எடுத்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பந்தின் உயரம் தெரியும், கோடு தெரியாது. லெக் ஸ்டம்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்கு அந்த வீடியோ ஒன்றுக்கும் உதவாது. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு வாரம் வாட்ஸாப்பில் சண்டை போட்டார்கள்!

ஒவ்வொரு அப்பீலுக்கும் அவர் நோட்டில் ஒரு வரி எழுதட்டும். ஓவர், பந்து, என்ன அப்பீல், தன் கணிப்பு. அம்பயரின் விரல் அசைவதற்கு முன்பே தன் கணிப்பைப் போட்டுவிட வேண்டும். பின்னால் எழுதினால் அம்பயர் சொன்னதையே நம் மூளையும் சொல்லும். விடைத்தாள் திருத்திய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்: முந்தைய திருத்துனர் போட்ட மார்க் கண்ணில் பட்டுவிட்டால் நம் மார்க்கும் அதன் பக்கமே சாயும். ஸ்கோர் புத்தகம் இதற்கு உதவாது. அவுட் கொடுத்தது மட்டும்தான் அதில் இருக்கும், கொடுக்காமல் விட்டதற்கு அங்கே தடயமே இல்லை. கொடுக்காத அம்பயர் தப்பித்து வருவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

இதிலும் எல்லை உண்டு. எழுபது கஜத்துக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு மெல்லிய எட்ஜ் சத்தம் கேட்காது. மயிரிழை எல்பியை அங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவற்றுக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போகட்டும். அவர் உறுதியாகப் பார்க்கக் கூடியவையே ஏராளம். ரன் அவுட் வரும்போது அம்பயர் ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாரா, பந்து போன பக்கம் பார்த்து ஓடி கிரீஸுக்கு நேர்கோட்டில் நின்றாரா? நேராக நின்றால்தான் மட்டை கோட்டைத் தாண்டியதா என்று தெரியும். சாய்வாக நின்றால் கண் ஏமாற்றும். நோ பாலுக்கு முன்கால் விழுவதைப் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் தூக்குகிறாரா, கோட்டையே வெறித்துக்கொண்டிருந்துவிட்டு அப்பீல் சத்தம் கேட்ட பிறகு நிமிர்கிறாரா? ஸ்டம்புக்கு ரொம்ப நெருங்கி நிற்கிறவருக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். இரண்டு அடி பின்னால் நகர்ந்தால் காலும் பிட்ச்சும் ஒரே பார்வையில் விழும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிஷம் போதும். எனக்கு இது பிடிபட நான்கு வருஷம் ஆயிற்று, சொல்ல ஆள் இல்லாததால்.

கேப்டன் தாளை ஒரேயடியாகக் கிழித்துப் போடவும் வேண்டாம். இங்கிலாந்தில் அமெச்சூர் கால்பந்தில் கிளப்புகள் ரெஃப்ரிக்கு 100க்கு மார்க் போடுகின்றன. ஆனால் 60 அல்லது அதற்குக் கீழே போட்டால் ஏன் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். பதவி உயர்வுக்குப் போகிறவரைத் தனியே அப்சர்வர்கள் வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறார்கள். நம் கேப்டனும் எந்த ஓவர், எந்தப் பந்து, எந்த விதி என்று எழுதட்டும். "எல்பி தெரியவில்லை" என்று எழுதியவர் "பந்து எங்கே விழுந்தது" என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தால் அங்கேயே பேனா நின்றிருக்கும்.

பயிற்சி என்ற பேரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சாயங்காலம் ஒரு ஹாலில் உட்காரவைத்து விதிப் புத்தகத்தை வாசிக்கிறார்கள். நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொடுக்கிற மாதிரி. நான் பள்ளி மைதானத்தில் செய்தது மிக எளிது. வலைப் பயிற்சி நடக்கும் பிட்ச்சில் இந்தப் பக்க லெக் ஸ்டம்பிலிருந்து அந்தப் பக்க ஸ்டம்பு வரை ஒரு நூல், ஆஃப் ஸ்டம்பிலிருந்து ஒரு நூல், தரையோடு இழுத்துக் கட்டுவேன். நடுவில் ஒன்பது அங்குலப் பாதை. பையன்களை அம்பயர் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பந்துக்கும் "உள்ளே", "வெளியே" என்று சத்தமாகச் சொல்லச் சொல்வேன். அரை மணி நேரம் கழித்து நூலை எடுத்துவிடுவேன். கண் அந்த நூலை அங்கேயே வைத்திருக்கும். நம் பையனும் அந்த நூலில் பழகியவன்தான். அன்றைக்குப் பதினோரு பேர் கத்தியபோதும் அவன் தலையை ஆட்டியது அதனால்தான்.

வருகிற ஞாயிறு காலை ஆட்டத்துக்கு நான் நாற்காலி எடுத்துக்கொண்டு போகிறேன், சைட் ஸ்கிரீன் பக்கம். லீக் நிர்வாகிகளில் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். "உக்காருங்க சார், யாரு வேணாங்கிறா" என்றார். அனுமதியா கிண்டலா என்று தெரியவில்லை. அம்பயராக நின்ற பழைய ஆட்கள் யாராவது வந்தால் இன்னொரு முனைக்கும் நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பையனுக்குப் போன் பண்ணி தம்பியிடமிருந்து கோட்டைத் திருப்பி வாங்கச் சொன்னேன். "பாக்கலாம் சார்" என்றான்.